செம்புக் கம்பிக்குள் ஒரு கடல்

வீட்டு ஒயரிங் வேலை முடிந்தபின் மிச்சம் கிடக்கும் ஒயர்த் துண்டு ஒன்றை எடுத்து, மேலுறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே பளபளவென்று செம்புக் கம்பி தெரியும். விரலால் வளைத்தால் வளையும். வளைத்த பிறகும் மின்சாரத்தைக் குறையில்லாமல் கடத்தும். இதே அளவில் ஒரு கல் உப்பை எடுத்தால் அது மின்சாரம் கடத்தாது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் சிதறிவிடும். இரண்டும் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகங்கள்தான். வித்தியாசம் எலக்ட்ரான்களில் இருக்கிறது.

செம்பின் ஓர் அணுவில் 29 எலக்ட்ரான்கள். அவற்றில் வெளியோரத்தில் இருக்கும் ஒன்றின் மீது மட்டும் அணுவுக்குப் பிடி குறைவு. கோடானுகோடி அணுக்கள் நெருங்கி அடுக்கும்போது அந்த ஒன்று எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் போகிறது. கம்பி முழுவதும் அதற்கு வீடு. எலக்ட்ரானை விட்டுக்கொடுத்த அணுக்கள் நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகளாக வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றைச் சூழ்ந்து எதிர்மின்னேற்றத்தோடு பரவி நிற்பதுதான் 'எலக்ட்ரான் கடல்'. அயனிகள் ஒன்றையொன்று தள்ளிச் சிதறாமல் பிடித்து வைத்திருக்கும் பசையும் அதுவே. ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் இப்படித் திரியும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை எழுத வேண்டுமானால், 85 போட்டு அதன் பின்னால் 21 சுழியம் போட வேண்டும்.

எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897-இல். மூன்றே ஆண்டுகளில், 1900-இல், ஜெர்மானிய இயற்பியலாளர் பால் ட்ரூட இந்தப் படத்தை வைத்து மின்கடத்தலை விளக்கிவிட்டார். அவர் கணக்கில் சில பிழைகளைப் பின்னாளில் குவாண்டம் இயற்பியல் திருத்தியது. அடிப்படைப் படம் மட்டும் நிலைத்தது.

கடலில் எலக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. செம்பில் அவை விநாடிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பாய்கின்றன. எல்லாத் திசைகளிலும் பாய்வதால் மொத்தத்தில் எந்தப் பக்கமும் நகர்வு இல்லை. பேட்டரியை இணைத்தால் ஒரு பக்கமாக மெல்லிய சாய்வு ஏற்படுகிறது. அதைத்தான் மின்னோட்டம் என்கிறோம். அந்தச் சாய்வின் வேகத்தைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமன் உள்ள கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடும்போது, எலக்ட்ரான் கூட்டம் ஒரு மீட்டர் நகர ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். பிறகு விளக்கு எப்படி உடனே எரிகிறது? குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருந்தால் திறந்த மறுகணமே மறுமுனையில் கொட்டுவதைப் போலத்தான்: சுவிட்சைத் தட்டியதும் தள்ளுவிசை கம்பி நெடுகப் பரவ, எங்கும் உள்ள எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நகரத் தொடங்குகின்றன.

கடலில் எலக்ட்ரான் அதிகம் இருந்தால் கடத்தலும் அதிகம் என்று நினைக்கத் தோன்றும். அலுமினியம் அணுவுக்கு மூன்று எலக்ட்ரான் தருகிறது, செம்பு ஒன்றுதான் தருகிறது. ஆனாலும் செம்பே நன்றாகக் கடத்துகிறது. எலக்ட்ரான்கள் வழியில் எத்தனை முறை மோதித் திசை மாறுகின்றன என்பதும் முக்கியம். செம்பில் துத்தநாகம் கலந்து பித்தளை ஆக்கினால் வரிசையில் வேற்று அணுக்கள் புகுந்து மோதல் பெருகும். கடத்தும் திறன் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். சூடேறினாலும் அயனிகள் அதிகம் அதிர்ந்து வழி மறிக்கும்.

வளைவுக்கு வருவோம். உப்பில் நேர், எதிர் அயனிகள் மாறி மாறி நிற்கின்றன. அடி விழுந்து ஒரு வரிசை ஒரு இடம் நகர்ந்தால் ஒரே மின்னேற்றம் கொண்டவை எதிரெதிரே வந்துவிடும், தள்ளிக்கொண்டு பிளக்கும். செம்பில் எல்லா அயனியும் ஒரே இனம். வரிசை சறுக்கினாலும் சுற்றிலும் அதே கடல்தான், பிணைப்பு அறுவதில்லை.

ஆனால் அதே இடத்தில் கம்பியை முன்னும் பின்னுமாக மடக்கிக்கொண்டே இருந்தால் அது விறைத்து, கடைசியில் படக்கென்று முறிகிறது. வரிசைகள் மொத்தமாக நகர்வதில்லை. படிகத்தில் உள்ள சிறு குறைகள் வழியாகவே படிப்படியாகச் சறுக்குகின்றன. மடக்க மடக்க இந்தக் குறைகள் பெருகி ஒன்றையொன்று சிக்கவைத்து, சறுக்கலைத் தடுக்கின்றன. தட்டித் தட்டி இறுகிப்போன உலோகத்தைப் பட்டறையில் நெருப்பில் காய்ச்சுவது இதற்காகத்தான். சூட்டில் அணுக்கள் மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்ள, உலோகம் இளகிவிடும்.

பளபளப்பும் கடலின் வேலையே. ஒளி விழும்போது அதன் மின்புலம் மேற்பரப்பு எலக்ட்ரான்களை அசைக்கிறது. அசையும் எலக்ட்ரான்கள் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. வெள்ளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்புவதால் வெண்மையாக மின்னுகிறது. செம்புக்குச் சிவப்பு நிறம் வந்தது கடலால் அல்ல. அணுக்களோடு ஒட்டியிருக்கும் உள் எலக்ட்ரான்கள் பச்சை, நீல ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிட, சிவப்பு மிஞ்சுகிறது. எலக்ட்ரான் கடல் படம் மட்டும் இதை விளக்காது. செம்புக் குடம் கறுத்துப்போவதும் உலோகத்தின் குறை இல்லை. காற்றோடு சேர்ந்து மேலே படிந்த ஆக்சைடு கடலை மூடிவிடுகிறது. புளி தேய்த்தால் அதன் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும், அடியில் உள்ள உலோகம் மறுபடி ஒளியைத் திருப்பத் தொடங்கும்.