வாசலில் அழும் குழந்தை

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாயின் குற்ற உணர்வு பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. 2017இல் பேறுகால நலச் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமானது. அதாவது ஆறு மாதம். குழந்தை முகம் பார்க்கத் தொடங்கி, வேற்றாளைக் கண்டாலும் அம்மா நகர்ந்தாலும் அழுவதும் ஆறிலிருந்து எட்டு மாத வாக்கில்தான். இரண்டும் ஒரே சமயத்தில் நேர்வதால், தான் வேலைக்குப் போனதால்தான் குழந்தை அழுகிறது என்று தாய் நினைத்துக்கொள்கிறாள். வீட்டிலேயே இருக்கும் தாயின் குழந்தையும் இந்த வயதில் அவள் குளிக்கப் போனால் அழும். கண்ணுக்குத் தெரியாத அம்மா எங்கோ இருக்கிறாள் என்பது புரிகிறது, எப்போது வருவாள் என்பது புரியவில்லை. பத்து மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் இது உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் தணியும்.

அழுகை எதைச் சொல்கிறது என்பதை அழும் நேரத்தில் அறிய முடியாது. அதற்குப் பின் நடப்பதைப் பார்க்க வேண்டும். அம்மா போன சில நிமிடங்களில் அடங்கி விளையாடுகிறதா, பகலில் சாப்பிட்டுத் தூங்குகிறதா, மாலையில் அவளிடம் தாவி வந்து ஆறுதல் அடைகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது வெறும் பிரிவின் அழுகை. நாள் முழுக்கச் சோர்ந்து கிடப்பது, எடை ஏறாமல் நிற்பது, வாரக்கணக்கில் ஆகியும் பார்த்துக்கொள்பவரிடம் ஒட்டாமல் இருப்பது ஆகியவை வேறு. அவற்றுக்குக் குற்ற உணர்வு போதாது. பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை மாற்றவும் மருத்துவரிடம் காட்டவும் வேண்டும்.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்குப் பதினொரு மாதம். காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்புகிறாள். பகலில் பாட்டி பார்த்துக்கொள்கிறார். "அது பார்க்காதப்போ நைசா கிளம்பிடு" என்பது வீட்டாரின் யோசனை. அன்பான யோசனைதான், ஆனால் தவறானது. அம்மா எந்த நொடியும் மறைந்துவிடலாம் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. அதன்பின் சமையலறைக்குப் போனால்கூட முந்தானையை விடுவதில்லை. தினமும் ஒரே மாதிரி சொல்லி, முத்தம் கொடுத்து, அரை நிமிடத்தில் கிளம்புவது அப்போதைக்கு அழுகையைக் கூட்டினாலும் சில வாரங்களில் பலன் தரும்.

அவள் மனத்தில் உறுத்துபவை பல. பகலில் பால் கொடுக்க முடியவில்லை. மதியச் சோற்றைப் பாட்டி ஊட்டுகிறார். பருப்பு முந்தைய இரவு வேகவைத்தது. முதல் அடியை அவள் இல்லாதபோது வைத்தது. எல்லாம் ஒரே கனத்தில் உறுத்துவதுதான் சிக்கல். "இது நடக்காவிட்டால் யாருக்கு என்ன குறையும்?" என்று ஒவ்வொன்றையும் கேட்டால் அவை பிரிந்துவிடும். தாய்ப்பால் உண்மையான தேவை. காலை, மாலை, இரவு கொடுத்தும், பகலுக்குப் பிழிந்து வைத்தும் அதைத் தொடரலாம். சோறு தேவை, ஊட்டும் கை யாருடையது என்பது தேவையல்ல. குழந்தைக்குப் பழகிய கையாக இருந்தால் போதும். முதல் அடியைக் காணாதது தாயின் வருத்தம், குழந்தையின் இழப்பல்ல. பருப்பு விஷயம் மாமியார் காதில் விழுந்தால் என்ன சொல்வாரோ என்ற பயம், அவ்வளவே.

இந்தப் பயம் வந்த வழி பழையது என்று நினைப்பது முழு உண்மையல்ல. வயலில் நாற்று நட்ட தாய்மார்கள் மரக்கிளையில் தூளி கட்டிவிட்டு வேலை செய்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் பாட்டியும் அத்தையும் சித்தியும் மாறி மாறி வளர்த்தார்கள். பெற்றவள் ஒருத்தியே நாள் முழுவதும் குழந்தையோடு இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம் ஊரிலும் அவ்வளவு பழையதல்ல.

அறிவியலின் பெயரிலும் அது வந்தது. 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை, குடும்பத்தை இழந்த குழந்தைகளைப் பற்றியது. அது அலுவலகம் போய்த் திரும்பும் தாய்மார்களுக்கும் பொருந்துவதாகப் பரவிவிட்டது. 1991இல் அமெரிக்காவில் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு இதைச் சோதித்தது. பிறர் பார்த்துக்கொள்வதால் மட்டும் தாயோடுள்ள பிணைப்பு குலையவில்லை என்பதே முடிவு. தாய் குழந்தையின் குறிப்பறிந்து நடக்காதிருந்து, கூடவே வெளிப் பராமரிப்பும் மோசமாகவோ நீண்டோ, ஆள் மாறிக்கொண்டோ இருந்தபோதுதான் பாதிப்பு தெரிந்தது. கவலைப்படுவதானால் பகலில் பார்ப்பவர் அடிக்கடி மாறுகிறாரா என்பதற்குக் கவலைப்படலாம்.

அந்த வங்கித் தாய் வீட்டுக்கு வந்ததும் முதலில் கை வைப்பது பாத்திரம் கழுவும் தொட்டியில். குழந்தை காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த அரை மணி நேரம்தான் அதற்கு வேண்டியது. பாத்திரத்தை யார் வேண்டுமானாலும் கழுவலாம். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் நாளுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம்.