மறைந்தவர் பெயரில் உறங்கும் பணம்

மறைந்த ஒருவர் வீட்டாருக்குத் தெரியாமல் வங்கியில் போட்ட பணம், 10 ஆண்டுகள் கோருவாரின்றிக் கிடந்தால், ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றப்படுகிறதே தவிர, வாரிசின் உரிமை அழிவதில்லை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில், இறந்தவரின் பெயரோடு பான் எண்ணையோ பிறந்த தேதியையோ இட்டுத் தேடினால், பணம் எந்த வங்கியில் உள்ளது என்பது தெரியவரும். தலைப்பெழுத்து பெயருக்கு முன்னும் பின்னும், சில வேளை தந்தையின் முழுப்பெயராகவும் பதிவாகியிருக்கும் என்பதால், ஒருமுறை தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு வடிவிலும் தேடுவது அவசியம். அங்கே விவரம் மட்டுமே கிட்டும். பணத்துக்கு, இறப்புச் சான்றிதழுடனும் வாரிசு ஆவணங்களுடனும் வங்கிக் கிளையையே அணுக வேண்டும். காப்பீட்டு முதிர்வுத் தொகையை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தேடலாம். அது 10 ஆண்டுக்குப் பின் மூத்த குடிமக்கள் நல நிதிக்குச் சென்று, மேலும் 25 ஆண்டுகள் கோரப்படாவிட்டால் மத்திய அரசுக்கே உரியதாகிவிடும்.