600 பந்து, 600 விநாடி... ஹைலைட்ஸ் வெட்டுவது எப்படி?

2019 ஜூலை 14. லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை யாராலும் சீக்கிரம் மறக்க முடியாது. இரு அணிகளும் 241 ரன். சூப்பர் ஓவரிலும் ஆளுக்கு 15 ரன். கடைசியில் 26-க்கு 17 என்ற பவுண்டரி எண்ணிக்கையில் கோப்பை இங்கிலாந்துக்குப் போனது.

ஏழு மணி நேரத்துக்கும் மேல் நடந்த அந்த ஆட்டத்தின் பதிவை உங்கள் கையில் கொடுத்து, ‘பத்து நிமிஷமாகச் சுருக்கு’ என்றால் என்ன செய்வீர்கள்? சூப்பர் ஓவரை விட்டுவிட்டால் அன்று வீசப்பட்டவை 600 பந்துகள். பத்து நிமிடம் என்பது 600 விநாடி. அதாவது, பந்துக்கு ஒரு விநாடிதான்!

பவுலர் ஓடி வருவதில் தொடங்கி, பந்து எங்கே போனது என்று தெரிவதுவரை ஒரு காட்சிக்குச் சராசரியாக 10 விநாடி பிடிக்கும். ஆக, உங்களுக்குக் கிடைப்பது 60 காட்சிகள். ‘விக்கெட்டையும் பவுண்டரியையும் மட்டும் எடுத்தால் போதுமே’ என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சூப்பர் ஓவரை விட்டுவிட்டால் அன்று விழுந்த விக்கெட்டுகள் 18. சூப்பர் ஓவரையும் சேர்த்து பவுண்டரிகள் 43. மொத்தம் 61. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று வெட்டி ஒட்டினால், பார்ப்பவருக்கு ஆட்டமே புரியாது.

டாட் பாலுக்கும் இடம் உண்டு

காரணம் இதுதான். இங்கிலாந்து 86 ரன்னுக்கு 4 விக்கெட் இழந்து தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்துக்குப் பெரிய காரணம் காலின் டி கிராண்ட்ஹோம். பத்து ஓவரில் அவர் கொடுத்தது 25 ரன்தான். எடுத்ததோ ஒரே விக்கெட். பவுண்டரியும் விக்கெட்டும் மட்டும் உள்ள தொகுப்பில் இந்த மனிதர் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுவார்.

அந்த ஒரு விக்கெட் ஜோ ரூட்டுடையது. 30 பந்துகளில் 7 ரன் எடுத்து, பொறுமை இழந்து, கீப்பரிடம் கேட்ச் கொடுத்தார். அவுட் ஆன பந்தை மட்டும் காட்டினால் ‘ஏதோ மோசமான ஷாட்’ என்று தோன்றும். அதற்கு முன்பாக அவர் ரன் எடுக்காத மூன்று பந்துகளை, பேட்டில் பந்து படும் கணம் மட்டுமாக, இரண்டிரண்டு விநாடி வைத்துப் பாருங்கள். ஆறே விநாடி செலவில், அவர் ஏன் அப்படி ஆடினார் என்பது புரிந்துவிடும்.

எனவே ஒரு பந்தைத் தேர்ந்தெடுக்கும்போது ‘இது பவுண்டரியா?’ என்று கேட்காதீர்கள். ‘இதற்குப் பிறகு ஆட்டத்தின் நிலைமை மாறியதா, அல்லது அடுத்து வரும் மாற்றத்துக்கு இது காரணமா?’ என்று கேளுங்கள். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், அழகான கவர் டிரைவாக இருந்தாலும் கத்தரி போட வேண்டியதுதான்.

கத்தரி விழும் இடம்

தேர்ந்தெடுத்த பந்தை எங்கே தொடங்குவது? ஓட்டத்தின் ஆரம்பத்தில் வேண்டாம். பவுலரின் கடைசி நான்கைந்து அடிகள் போதும். முடிக்கும் இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பந்து எல்லைக் கோட்டைத் தொட்டதும் வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று விநாடிகளில்தான் பவுலரின் முகமும் கூட்டத்தின் சத்தமும் இருக்கின்றன. ஸ்கோர் பட்டையில் எண் மாறுவதும் அப்போதுதான். அது மாறும்வரை காத்திருங்கள்.

வர்ணனையாளரின் வாக்கியம் பாதியில் அறுந்தால் காதில் முள் குத்தியதுபோல் இருக்கும். படத்தை முதலில் மாற்றிவிட்டு, பழைய காட்சியின் சத்தத்தை ஒரு விநாடி நீட்டி, மெல்லக் குறையுங்கள். ஒட்டு தெரியாது. சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க, திரையைப் பார்க்காமல் ஒருமுறை காதால் மட்டும் கேளுங்கள்.

வரிசைதான் விறுவிறுப்பு

49-வது ஓவர். 9 பந்தில் 22 ரன் தேவை. பென் ஸ்டோக்ஸ் தூக்கி அடித்த பந்தை எல்லைக் கோட்டருகே டிரென்ட் போல்ட் பிடித்தேவிட்டார். ஆனால், கால் கயிற்றில் பட்டுவிட்டது. சிக்ஸர்! தொகுப்பின் முன்னோட்டத்துக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. போல்ட்டின் கையில் பந்து விழுந்ததும், கால் கயிற்றைத் தொடும் முன்பே வெட்டிவிட்டு, முதல் ஓவருக்குப் போய்விடுங்கள். பார்ப்பவர் மனதில் கேள்வி நிற்கும். மாறாக, சூப்பர் ஓவரின் கடைசிப் பந்தில் கப்டில் ரன் அவுட் ஆவதை முன்னால் வைத்தால், விடையைச் சொல்லிவிட்டு விடுகதை போட்ட கதைதான்.

முன்னோட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் நடந்த வரிசையில்தான் வர வேண்டும். கிரிக்கெட்டில் ஸ்கோர் பட்டை இருப்பதால் வரிசையை மாற்றினால் உடனே மாட்டிக்கொள்வீர்கள். நம் கையில் இருப்பது வேகம்தான். ஆரம்ப ஓவர்களை வேகமாகத் தாண்டி, முடிவு நெருங்க நெருங்க நிதானமாகக் காட்ட வேண்டும்.

கடைசி ஓவரில் 15 ரன் தேவை. முதல் இரண்டு பந்துகளில் ரன் இல்லை. ‘இது எதற்கு?’ என்று இதை நீக்கிவிடாதீர்கள். 4 பந்தில் 15 என்ற நிலைக்கு வந்ததால்தான் மூன்றாவது பந்தின் சிக்ஸருக்கு அந்த மதிப்பு. இந்த ஆறு பந்துகளையும் ஒன்றுவிடாமல் வைக்கலாம்.

நான்காவது பந்தில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. கப்டில் எறிந்த பந்து, இரண்டாவது ரன்னுக்குப் பாய்ந்த ஸ்டோக்ஸின் பேட்டில் பட்டு எல்லையைத் தாண்டியது. ஆறு ரன் கொடுக்கப்பட்டது. உடனே ஸ்டோக்ஸ் இரண்டு கைகளையும் உயர்த்தி, ‘வேண்டுமென்று செய்யவில்லை’ என்பதுபோல் மன்னிப்புக் கேட்டார். அந்த மூன்று விநாடியை மிச்சம் பிடித்தால், விதி கொடுத்த ரன்னை அவர் தந்திரமாக எடுத்ததுபோல் ஆகிவிடும். வேறு பந்துக்கு எழுந்த கைதட்டலைக் கொண்டுவந்து இங்கே ஒட்டினாலும் அதே பாவம்தான். விறுவிறுப்புக்காக நேரத்தைச் சுருக்கலாம். நடந்ததை மாற்றக் கூடாது.

உங்கள் வீட்டு வீராங்கனைக்கு

டி.வி. ஒளிபரப்பை வெட்டி வலைதளத்தில் போட உரிமம் வேண்டும். ஆனால், மகளின் பள்ளிக் கபடிப் போட்டியை நீங்களே போனில் எடுத்திருந்தால் இந்த வழிமுறை அப்படியே உதவும். இரண்டு விஷயங்களை மட்டும் படம் எடுக்கும்போதே செய்யுங்கள். நல்ல ரெய்டோ டேக்கிளோ முடிந்ததும் போனின் மைக் அருகே ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். எடிட்டிங் செயலியில் சத்தத்தைக் காட்டும் அலைக்கோட்டில் அது கூர்மையாக எழுந்து நிற்கும். முழுப் பதிவையும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அடுத்து, புள்ளி மாறும்போதெல்லாம் ஸ்கோர் போர்டை ஒரு நொடி படம்பிடியுங்கள். அது இல்லாவிட்டால் யார் முன்னிலை என்பதே பார்ப்பவருக்குத் தெரியாது.

வெட்டி முடித்ததும், அந்தப் போட்டியைப் பார்க்காத ஒருவரிடம் காட்டுங்கள். பாதியில் நிறுத்தி, ‘இப்போது யாருக்கு என்ன தேவை?’ என்று கேளுங்கள். பதில் வந்தால் பகிரலாம். வரவில்லையென்றால், எங்கோ ஒரு டாட் பாலையோ, வெறுங்கையோடு திரும்பிய ஒரு ரெய்டையோ நீக்கியிருக்கிறீர்கள். தேடிப் பிடித்துத் திரும்ப ஒட்டிவிடுங்கள்.