ஃபேன் ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும்?

வீட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றினால், "கண்டென்சர் மாற்ற என்ன விலை?" என்று யாரும் கேட்பதில்லை. "ஃபேன் சரியா சுத்த மாட்டேங்குது, எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்பார்கள். எலக்ட்ரீஷியன், பிளம்பர் வேலைகளுக்கு இணையதளம் தொடங்குகிறவர்கள் பலர் இந்த இடத்திலேயே சறுக்கிவிடுகிறார்கள். கண்டென்சருக்கு இவ்வளவு, காயில் கட்ட இவ்வளவு என்று கடைப் பட்டியலை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். கோளாறு எது என்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் பட்டியல் பயன்படும். வீட்டுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் ஃபேன் ஓடவில்லை என்பது மட்டும்தான். அதனால் விலையை அறிகுறியின் பெயரில்தான் எழுத வேண்டும்.

ஃபேனையே எடுத்துக்கொள்வோம். மெதுவாகச் சுற்றுவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்கள்தான். கண்டென்சர் பலவீனமாகியிருக்கலாம், ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம், காயில் கருகியிருக்கலாம். கண்டென்சர் சில நிமிட வேலை, பொருளும் மலிவு. காயில் கருகியிருந்தால் ஃபேனைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும், அன்றைக்கே திரும்பாது. இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டு 'ரூ.150 முதல் 1,500 வரை' என்று எழுதினால் அதைப் படிப்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

முன்பதிவின்போதே இரண்டு கேள்விகள் கேட்டால் இந்த வரம்பு சுருங்கும். சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு குச்சியால் இறக்கையைத் தள்ளினால் தாராளமாகச் சுற்றுகிறதா? கருகிய வாடை வந்ததா? தாராளமாகச் சுற்றி, வாடையும் வராவிட்டால் கண்டென்சர் அல்லது ரெகுலேட்டராக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது, உதாரணத்துக்கு, வந்து பார்க்க ரூ.150, பொருளும் கூலியும் சேர்ந்து மொத்தம் ரூ.500க்குள் என்று சொல்லிவிடலாம். அதற்குக் கீழேயே இன்னொரு வரியும் வேண்டும்: 'இதைத் தாண்டும் என்று தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு உங்களிடம் கேட்போம், வேண்டாம் என்றால் ரூ.150 மட்டும்.' வாடிக்கையாளர் நம்புவது இந்த வரியைத்தான்.

ஆனால் அந்த 150 ரூபாய் கட்டுப்படியாவதும் ஆகாததும் ஆள் எவ்வளவு தூரம் வருகிறார் என்பதைப் பொறுத்தது. தாம்பரத்தை மையமாக வைத்து வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர் வட்டம் போடுவது சுலபம். நடுவில் ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் போவது வட்டத்துக்குத் தெரியாது. கிழக்குத் தாம்பரத்தில் இருப்பவர் மாலை நேரத்தில் மேற்கே போய்ச் சேர, அதே பக்கம் இன்னும் தள்ளியிருக்கும் சேலையூருக்குப் போவதைவிட அதிக நேரம் ஆகலாம். ஆகவே வட்டத்தை விட்டுவிட்டு பின்கோடு வாரியாக, 600045 மேற்கு, 600059 கிழக்கு என்று பிரிப்பது நல்லது. எந்த ஆள் எந்தப் பக்கம் போவார் என்பதை அவரிடமே கேட்டு அவர் பெயரிலேயே பதிய வேண்டும். போக முடியாத ஊர் என்றால், ஃபோன் நம்பரை வாங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அடுத்தது நேரம். 'சரியாக 10 மணிக்கு' என்று வாக்குக் கொடுப்பதைவிட '9 முதல் 11க்குள்' என்பது நிலைக்கும். ஒருவருக்கு 9–11, 11–1, 2–4, 4–6 என்று நான்கு நேரம் இருந்தால் மூன்றை மட்டும் திறந்து வைக்கலாம். நான்காவது, இழுத்துக்கொண்டுபோகும் வேலைக்கு. பிளம்பருக்கு இது கட்டாயம் வேண்டும். சிபிவிசி பைப்பை ஒட்டியதும் தண்ணீரைத் திறந்துவிட முடியாது. பசை இறுகக் காத்திருந்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்பலாம். சுவருக்குள் போகும் பைப் கசிந்தால் முதல் வருகையைப் பார்வையிட மட்டுமே வைத்து, விலையை அதன்பிறகு சொல்வதே நேர்மை. மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும் பராமரிப்பு மின்தடையையும் மறந்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் எலக்ட்ரீஷியன் போனால் ஃபேனை ஓடவிட்டுப் பார்க்க முடியாது. அந்தப் பகுதிக்கு அன்றைய நேரங்களை முன்பே மூடிவிட வேண்டும்.

எழுதிய வரம்பு சரிதானா என்பதை மாதக் கடைசியில் பில்களை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐந்தில் ஒரு பில் மேல் எல்லையைத் தாண்டினாலே வரம்பு பொய் என்று எடுத்துக்கொண்டு அதை மாற்றிவிடுவேன். எல்லா பில்லும் மேல் எல்லையிலேயே வந்து நின்றால், தளம் தன் பங்கை எப்படி எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பில்லில் இத்தனை சதவீதம் என்று எடுத்தால், பில் பெரிதாவது தளத்துக்கு லாபம். ஆள் தன் கூலி குறையாமலிருக்க அந்தக் கமிஷனையும் பில்லில் ஏற்றுவார், கண்டென்சரோடு ரெகுலேட்டரும் மாறும். அதற்குப் பதிலாக ஒரு வருகைக்கு இவ்வளவு என்று நிலையான தொகையை எடுத்துக்கொண்டால், பில்லைப் பெரிதாக்கத் தளத்துக்கும் காரணம் இருக்காது, ஆளுக்கு அந்த நெருக்கடியும் இருக்காது.