பன்னிரண்டு வயசாச்சே, சேர்த்துக்குவீங்களா?

விஜயதசமி நெருங்கினால் பரதநாட்டிய வகுப்பு அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கும். பலவற்றில் 'வயது வரம்பில்லை' என்றொரு வரி இருக்கும். ஏழாம் வகுப்பு மகளை இப்போதுதான் சேர்க்க நினைக்கும் அம்மாவுக்கு அது போதாது. சேர்த்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். சேர்ந்த பிறகு பிள்ளை என்ன பாடுபடுமோ என்பதுதான் கவலை.

"டீச்சர், அஞ்சு வயசுப் பிள்ளைங்களோட நிக்க வைப்பீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார். நியாயமான கேள்வி. தன் இடுப்பளவே இருக்கும் குழந்தை தன்னைவிட நன்றாகத் தட்டுவதைப் பார்த்தால், வளர்ந்த பிள்ளை சில வாரங்களிலேயே வகுப்புக்கு வர மறுத்துவிடும். எனவே அறிவிப்பில், 'பத்து வயதுக்கு மேல் புதிதாகச் சேருவோருக்குச் சனிக்கிழமை காலை தனி வகுப்பு' என்று கிழமையோடு எழுதுங்கள். தனி வகுப்பு நடத்த முடியாவிட்டால் அந்த வரியே வேண்டாம்.

அடுத்தது முட்டி. அரைமண்டியில் கால்கள் இடுப்பிலிருந்து விரிய வேண்டும். முட்டி பாத விரல்களுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். வயது ஏறினால் இடுப்பு அவ்வளவு எளிதில் விரிந்து கொடுக்காது. அப்போது பிள்ளைகள் பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார்கள். முட்டி முன்பக்கமாகச் சரிந்து உள்பக்கம் வலிக்கும். நல்ல ஆசிரியர் இதைப் பார்த்ததும், "பாதத்தைக் கொஞ்சம் உள்ளே கொண்டு வாம்மா, அவ்வளவு உட்கார வேண்டாம்" என்பார். இதையே வரியாக்கலாம்: 'அரைமண்டி அவரவர் உடம்புக்கேற்பப் படிப்படியாக. முட்டி வலித்தால் நிறுத்திச் சொல்லலாம்.'

பாட்டுக்கு எப்போது ஆடுவாள் என்ற எதிர்பார்ப்பையும் மறைக்கக் கூடாது. தட்டடவு, நாட்டடவு என்று ஒவ்வோர் அடவையும் மூன்று காலத்திலும் தட்டிப் பழகவே மாதங்கள் ஆகும். பெரிய பிள்ளைகள் தாளக் கணக்கைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், கால்தான் மெதுவாக வரும். 'முதல் சில மாதங்கள் அடவு மட்டுமே' என்று சொல்லிவிட்டால், ஆண்டு விழாவுக்குள் ஒரு பாட்டாவது கற்றுக்கொடுங்கள் என்ற நெருக்கடி வராது.

ருக்மிணி தேவியைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். 1904இல் பிறந்தவர், 1935இல் மேடையேறினார், உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அவர் பாலே கற்றிருந்தார், மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனாரிடம் பயின்றார். வாரம் இருமுறை வரும் பள்ளி மாணவிக்கு அந்த ஒப்பீடு பொருந்தாது. அவளுடைய அப்பாவுக்கு அதைவிட ஆறுதல் தருவது 'அரங்கேற்றம் கட்டாயமில்லை' என்ற வரி. பக்கவாத்தியம், அரங்கம், உடை, நகை என்று அந்தச் செலவு எங்கே போய் நிற்குமோ என்று பயந்தே பலர் சேர்க்கத் தயங்குகிறார்கள்.

கடைசியாக, 'கட்டணம் கட்டும் முன் இரண்டு வகுப்புகளைப் பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாம்' என்று எழுதுங்கள். பின்வரிசையில் தடுமாறும் பிள்ளையிடம் ஆசிரியர் எத்தனை முறை போய்க் காலைத் திருத்துகிறார் என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.