ஒளிப்படத்தில் வந்த வினாவும் அதன் வரம்பும்

நிரலாக்கப் போட்டியின் வினாவொன்று ஒளிப்படமாகக் கிடைக்கிறது எனக் கொள்வோம். n நாட்களின் மழையளவுகள் தரப்பட்டுள்ளன. l-ஆம் நாள் முதல் r-ஆம் நாள் வரை பெய்த மொத்த மழை எவ்வளவு என q கேள்விகள் கேட்கப்படுகின்றன. n, q ஆகிய இரண்டிற்கும் உச்ச வரம்பு 105 என்று படத்தில் தெரிகிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். மங்கிய படத்தில் அடுக்குக்குறி கீழிறங்கி, 10⁵ என்பது 105 போலத் தோன்றக்கூடும். இத்தகைய வரம்புகள் பெரும்பாலும் பத்தின் அடுக்குகளையொட்டியே அமைவதால், 105 என்னும் எண்ணே ஐயத்தை எழுப்புகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தெளிதல் நன்று.

வரம்பு 105 எனில், ஒவ்வொரு கேள்விக்கும் நேராகவே கூட்டலாம். ஏறத்தாழ 11,000 கூட்டல்களுக்கு மேல் ஆகாது. 10⁵ எனில் அது ஆயிரங்கோடி வரை உயரும். ஓரிரு விநாடிக்குள் முடியாது. ஆகவே, முதல் நாளிலிருந்து திரளும் கூட்டுத்தொகைகளை முன்னரே குறித்துக்கொள்வோம்:

```
S[0] = 0
S[i] = S[i-1] + A[i]
```

கேள்வியின் விடை `S[r] - S[l-1]` ஆகும். மழையளவுகள் 4, 0, 7, 3, 6 எனில், S வரிசை 0, 4, 4, 11, 14, 20. இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை பெய்தது 14 − 4 = 10. நேராகக் கூட்டினும் 0 + 7 + 3 = 10.

முந்தைய முறையின் காலச் சிக்கல் O(nq). இதன் காலச் சிக்கல் O(n + q), அதாவது ஏறத்தாழ இரண்டு இலட்சம் படிகள். ஆயினும், கேள்விகளுக்கிடையே ஒரு நாளின் அளவு திருத்தப்படுமாயின், அதற்குப் பின்னுள்ள S மதிப்புகள் யாவும் மாறிவிடும். அப்போது இம்முறை பயன்தராது.