மண்டைத்தோலின் நான்காவது அடுக்கு

“மண்டை உடைஞ்சிருச்சு சார்” என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் அவசரப் பிரிவுக்குள் ஓடி வருவார்கள். பெரும்பாலும் மண்டை உடைந்திருக்காது. எலும்பின் மேலிருக்கும் தோல் பிளந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் சட்டை, துண்டு, கூட வந்தவரின் கை எல்லாம் ரத்தமாக இருக்கும்போது அந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

அப்படி ஒரு நாள் வந்தவர் நாற்பது வயதுக் கொத்தனார். சாரத்தில் இருந்து இரும்புக் குழாய் ஒன்று சரிந்து உச்சந்தலையில் விழுந்திருக்கிறது. காது பக்கத்தில் இருந்து மறு காது பக்கம் நோக்கிக் குறுக்காக, ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டு. ரத்தத்தை நிறுத்த, கூட இருந்தவர்கள் காயத்துக்குள் ஒரு கை காபித்தூளைத் திணித்து, தலைத்துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பக்கத்து ஊரில் யாரோ மேலோட்டமாகத் துடைத்து நான்கு தையல் போட்டு அனுப்பிவிட்டார். எங்களிடம் அவர் வந்தது ஐந்தாம் நாள். வெட்டு உச்சந்தலையில் இருந்தது. வீங்கியிருந்ததோ இரண்டு கண்ணிமைகளும்.

உச்சியில் பட்ட அடி இமைக்கு எப்படி இறங்கியது என்று புரிய, தலையில் கைவைத்துப் பார்த்தாலே போதும். ஐந்து விரல்களையும் உச்சந்தலையில் அழுத்தி வைத்து, எண்ணெய் தேய்ப்பது போல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முடியோடு சேர்ந்து மொத்தத் தோலும் எலும்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அப்படி ஒன்றாக நகர்பவை மூன்று அடுக்குகள்: முடி முளைத்த தோல், அதனடியில் நார் நிறைந்த கொழுப்பு, அதற்கும் கீழே தகடு போன்ற ஒரு கெட்டியான சவ்வு. அவை வழுக்கிப் போவதற்கு இடம் கொடுப்பதுதான் நான்காவது அடுக்கு. சிலந்தி வலை போல நெகிழ்ந்த, மெல்லிய இழைகள்தான் அங்கே உண்டு. ஐந்தாவது, மண்டை ஓட்டை ஒட்டிப் போர்த்தியிருக்கும் எலும்புறை.

ரத்தம் கொட்டுவது இரண்டாவது அடுக்கில் இருந்து. தலையின் ஒவ்வொரு பக்கமும் ஐந்து தமனிகள் நெற்றி, பொட்டு, காதின் பின்புறம், பிடரி வழியாக ஏறி வந்து, உச்சியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இடப்பக்கத் தமனியும் வலப்பக்கத் தமனியும்கூட அங்கே கைகோத்திருக்கும். அதனால் வெட்டின் ஒரு உதட்டில் இருந்து மட்டுமல்ல, இரண்டு உதடுகளில் இருந்தும் ரத்தம் வரும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கையிலோ தொடையிலோ ஒரு சிறு தமனி அறுபட்டால், நத்தை கொம்பை இழுத்துக்கொள்வது போல அது உள்ளே சுருங்கி வாயை மூடிக்கொள்ளப் பார்க்கும். மண்டைத்தோலில் அதற்கு வழியில்லை. ரத்தக்குழாயின் சுவரைச் சுற்றிலும் இருந்து நார்கள் பிடித்திருக்கின்றன. அறுபட்ட குழாய் சுருங்க முடியாமல், வாய் திறந்தபடியே நிற்கும்.

ஆனால் இதே அமைப்பு ஒரு வசதியும் தருகிறது. அடியில் கெட்டியான எலும்பு இருக்கிறது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, விரல்களால் விடாமல் பத்து நிமிடம் அழுத்தினால், குழாய்கள் எலும்புக்கும் விரலுக்கும் நடுவே நசுங்கி, பெரும்பாலான ரத்தக்கசிவு நின்றுவிடும். நடுவில் நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. எலும்பு உள்ளே அமுங்கியது போல் தெரிந்தால் மட்டும் அந்த இடத்தில் அழுத்தாமல், துணியை வைத்து மென்மையாகக் கட்டி மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகளும், முதியவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்த ரத்த இழப்பாலேயே மயங்கிச் சரியக்கூடும். அவர்கள் விஷயத்தில் தாமதிக்கக் கூடாது.

கொத்தனாரின் வெட்டில் இன்னொன்று இருந்தது. மூன்றாவது அடுக்கான சவ்வை நெற்றித் தசை முன்னாலும் பிடரித் தசை பின்னாலும் சதா இழுத்துக்கொண்டிருக்கின்றன. குறுக்காக அந்தச் சவ்வு அறுபட்டால், இரண்டு பக்கமும் இழுபட்டுக் காயம் வாய் பிளந்துவிடும். பிளக்காத காயம் என்றால் பெரும்பாலும் சவ்வு தப்பித்தது என்று அர்த்தம். பிளந்தது என்றால் நான்காவது அடுக்கின் கதவு திறந்துவிட்டது. அந்தக் கதவுக்குள் காபித்தூள் போயிருந்தது. மேல்தோலை மட்டும் சேர்த்துத் தைத்ததால், தூளும் கிருமியும் உள்ளேயே அடைபட்டுவிட்டன.

இரண்டாவது அடுக்கில் ஒரு கட்டி வந்தால் நார்கள் அதைப் பரவ விடாது. விரிய இடமில்லாததால் பட்டாணி அளவுக் கட்டிகூட உயிர் போகிற மாதிரி வலிக்கும், ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும். நான்காவது அடுக்கோ வரப்பில்லாத வயல். சீழ் அங்கே இறங்கினால் தலை முழுக்கப் பரவலாம். பிடரி எலும்பின் மேட்டில் ஒரு வரப்பு உண்டு. பக்கவாட்டில் கன்ன எலும்பின் வளைவை ஒட்டி ஒரு வரப்பு உண்டு. முன்பக்கத்தில் இல்லை, ஏனென்றால் நெற்றித் தசை எலும்பைப் பிடிக்காமல் புருவத் தோலோடு முடிகிறது. ரத்தமோ சீழோ அதன் அடியாக நழுவி இமைக்குள் இறங்கிவிடும். கொத்தனாரின் இமைகள் வீங்கியது அப்படித்தான். தலையில் அடிபட்டவருக்கு இரண்டு நாள் கழித்துக் கண்ணைச் சுற்றிக் கறுப்பதும் பலநேரம் இதே வழியில்தான். மண்டையின் அடிப்பகுதி விரிசல் விட்டாலும் அப்படிக் கறுக்கும் என்பதால் அதைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது.

பிறந்த குழந்தைக்கு இந்த இடம் இன்னும் ஆபத்தானது. வாக்குவம் வைத்து எடுக்கும் பிரசவத்தில் எப்போதாவது இந்த அடுக்கில் ரத்தம் கசியும். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் இருப்பதே சுமார் 250 மில்லி ரத்தம். அதில் பாதிக்கு மேல் இங்கேயே தேங்கிவிடலாம். எலும்புறைக்கு அடியில் சேரும் ரத்தக்கட்டு ஒரு எலும்பின் ஓரத்தோடு நின்றுவிடும். இது நிற்காது. கொழகொழவென்று நகரும் வீக்கமாகக் காது வரை இறங்கும்.

பரவுவதோடு முடிந்தால் சீழை வெளியேற்றிவிடலாம். நான்காவது அடுக்கை மருத்துவர்கள் அபாய அடுக்கு என்று அழைப்பதற்குக் காரணம் அதன் வழியே போகும் சிரைகள். எமிசரி சிரைகள் என்று பெயர். அவை மண்டை ஓட்டின் சிறு துளைகள் வழியாக உள்ளே நுழைந்து, மூளையுறைக்குள் ஓடும் பெரிய சிரை வாய்க்கால்களில் சேர்கின்றன. அவற்றில் வால்வு கிடையாது. ரத்தம் இரண்டு திசையிலும் ஓடலாம். சீழ் பட்ட சிரையில் கிருமியோடு ரத்தம் உறைந்தால், அந்த உறைவு உள்நோக்கி வளர்ந்து வாய்க்காலையே அடைக்கலாம். மண்டை ஓட்டு எலும்பும் சீழ்பிடிக்கலாம். மண்டைத்தோலுக்கு இருக்கும் தாராளமான ரத்த ஓட்டம் கிருமிகளோடு போராடுவதால் இவை அபூர்வமாகவே நடக்கின்றன. நடந்தால் உயிருக்கு ஆபத்து.

கொத்தனாருக்குக் காய்ச்சல் இருந்தது. தலையில் விரல் வைத்தால் ஊறிய பஞ்சு போல அமுங்கியது. தலைவலி இருந்தது, ஆனால் வாந்தியோ வலிப்போ நினைவுத் தடுமாற்றமோ இல்லை. ஸ்கேனில் எலும்பும் உள்ளேயும் சுத்தமாக இருந்தன. அன்று மாலையே பழைய தையலைப் பிரித்தோம். சீழோடு பழுப்புத் தூளும் வந்தது. அது தீரும்வரை உப்புநீரால் கழுவி, வடிவதற்கு மெல்லிய குழாய் வைத்து, சிரை வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் இமைகள் வற்றிக் கண் திறந்தது. புண் சுத்தமான பிறகு சவ்வைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைத்தோம்.

வீட்டுக்குப் போகும்போது அவர் மனைவி கேட்டார்: “காபித்தூள் போடாட்டி ரத்தம் எப்படி சார் நின்னிருக்கும்?” அவர் தோளில் கிடந்த துண்டை வாங்கி நாலாக மடித்து, என் தலையில் வைத்து அழுத்திக் காட்டினேன். பிறகு அவரையே அழுத்தச் சொன்னேன். முதலில் தயங்கினார். “இன்னும் அழுத்தும்மா” என்றதும் நன்றாகவே அழுத்தினார்.